நேர்காணல் நாளில் எந்த உடை?

மயிலாப்பூர் கச்சேரி சாலையை ஒட்டி வாழும் நண்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் தம் மகளை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். மகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாணவர் விசாவுக்கான நேர்காணல் நாளும் குறித்தாகிவிட்டது. நண்பரின் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது வேறொரு கேள்வி. விண்ணப்பம் நிரப்ப உதவிய முகவர், “அன்றைக்கு ஒருநாள் மட்டும் முக்காட்டை எடுத்துவிட்டு, கோட் போட்டு அனுப்புங்கள். பார்ப்பவர்களுக்கு நல்ல எண்ணம் வரும்” என்று சொல்லியிருந்தார். அதை நம்பிப் பாண்டி பஜாரில் கறுப்புக் கோட் ஒன்றும் வாங்கியாகிவிட்டது. தி. நகரில் ஒரு புகைப்பட நிலையத்தில், காது தெரிந்தால்தான் படம் செல்லும் என்று கூறி, முக்காடு இல்லாமலேயே படமும் எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதிலிருந்து முக்காட்டுடன் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்ற பெண் அவர். அந்தப் படத்தை மேசைமீது வைத்துவிட்டு, “இது நான்தானா, அத்தா?” என்று கேட்டார்.

தந்தையின் அச்சத்தை நாம் எள்ளவில்லை. 2001க்குப் பிறகு நம் பெயர்களோடு வெளிநாடு செல்வோர் எத்தனை வினாக்களுக்கு விடை சொல்ல நேர்ந்திருக்கிறது என்பதை அறியாதவர் யார்? ஆனால் அந்த அச்சத்துக்கு உடைமாற்றம் மருந்தாகுமா என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்வோம். விண்ணப்பதாரர் நின்றுகொண்டு பேசுகிறார். அதிகாரி கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கிறார். அவர் காண்பது பெரும்பாலும் முகமும் தோளும் மார்பளவுமே. உரையாடல் பல நேரங்களில் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அவர்முன் உள்ள திரையில் DS-160 என்னும் படிவம் விரிந்திருக்கிறது. விண்ணப்பதாரரின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், படித்த இடம், பயணத்துக்கு யார் பணம் தருகிறார் என்பன எல்லாம் அதில் உள்ளன. நம் பிள்ளை சாளரத்தை அடைவதற்கு முன்பே அவள் முஸ்லிம் என்பதைப் படிவத்தில் உள்ள பெயர் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, முக்காட்டை எடுப்பதால் மறையப்போவது எது?

2009 ஆகஸ்டில் நடிகர் ஷாருக் கான் நியூவார்க் விமான நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். தம் பெயரே அதற்குக் காரணம் என்று அவர் கூறினார். உடுத்துவதில் அவரைக் குறைசொல்ல யாராலும் முடியாது. ஆயினும் அவ்வுடை அவரைக் காக்கவில்லை.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, மாணவராகவோ சுற்றுலாப் பயணியாகவோ விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே முதலில் கருதப்படுவார். அவ்வாறில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. எந்தப் படிப்பு, ஏன் அந்தப் பல்கலைக்கழகம், செலவுக்கு வழி என்ன, முடித்தபின் எண்ணம் என்ன என்பவையே கேள்விகள். இவற்றுக்குச் சட்டையும் கோட்டும் விடை சொல்லா. உடையால் விசா கிடைப்பதில்லை. பேச்சின்மீது இருக்க வேண்டிய கவனத்தைத் தன்பக்கம் இழுக்காமலிருந்தால் உடை தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள்.

அதற்குச் சிறு சோதனை ஒன்றைச் செய்து பார்த்தோம். அந்தப் பெண்ணைக் கோட் அணிந்து நிற்கச்சொல்லி, “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டோம். தோளில் கோட் விறைத்து நின்றது. பதில் சொல்லும்போதே இருமுறை கைநுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு கல்லூரிக்கு வழக்கமாக அணியும் முழுக்கைச் சுடிதாரும் முக்காடுமாக வந்து நின்றார். அதே கேள்வியைக் கேட்டோம். கைகள் அசையவில்லை, பதில் தங்குதடையின்றி வந்தது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. கோட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அடுத்தது படம். அமெரிக்க விசாவுக்கான படம் 2 அங்குலச் சதுரம். வெள்ளை அல்லது வெள்ளையை ஒத்த பின்னணி வேண்டும். கடந்த 6 மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடியுடன் எடுத்த படம் ஏற்கப்படுவதில்லை. தலையை மறைக்கும் துணி பொதுவாகக் கூடாது. சமய நோக்கில் நாள்தோறும் அணிபவருக்கு விலக்கு உண்டு. முகம் முழுதும் தெரிய வேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக்கூடாது என்பவையே நிபந்தனைகள். முக்காடு அணிபவரின் காது தெரிய வேண்டும் என்று விதி கேட்கவில்லை. முகத்திரைக்கு மட்டும் விலக்கில்லை. அதை அணிபவர் படத்திலும் சாளரத்தின் முன்னும் முகத்தைக் காட்டியாக வேண்டும். இதை முன்னரே அறிந்து மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்வது நல்லது.

‘நாள்தோறும்’ என்ற சொல்லை நாம் நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த விதி நம்மிடம் எதிர்பார்ப்பது உண்மையை. அன்றாடம் முக்காடிடும் பெண் அதனுடனேயே படம் எடுக்கலாம். தொழுகை நேரத்தில் மட்டும் தொப்பி அணியும் இளைஞர் படத்துக்கென்று தொப்பி வைத்துக்கொள்வது பொருத்தமன்று. விதி சொல்வது அவரையன்று. தாடியும் அவ்வாறே. நேர்காணலுக்கென்று மழிக்கவும் வேண்டாம், நேர்காணலுக்கென்று வளர்க்கவும் வேண்டாம். கத்தரித்துச் சீவிவிட்டால் போதும்.

அந்தப் பெண்ணுக்கு அடையாற்றில் வேறொரு நிலையத்தில் மறுபடம் எடுத்தோம். முதல் படத்தில் முக்காட்டின் முன்விளிம்பு நெற்றியின்மேல் சற்றே நீட்டிக்கொண்டிருந்ததால் புருவத்துக்கு மேல் சாம்பல்நிறக் கோடு விழுந்தது. விளிம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரு பக்கமும் விளக்கு வைத்ததும் கோடு மறைந்தது. வெள்ளைத் துணி பின்னணியோடு கலந்து தலையின் வடிவம் தெரியாமல் போகும். சாட்டின் போன்ற பளபளப்பான துணி வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். ஆகவே கருநீலப் பருத்தித் துணி. படம் வந்ததும் மூன்று இடங்களைப் பார்த்தோம்: நெற்றி, இரு கன்னங்களின் ஓரம், முகவாய்க்குக் கீழ். மூன்றிலும் நிழல் இல்லை.

முக்காடில்லாத முதல் படமே போயிருந்தால் விசா மறுக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் விசாவுக்கென எடுக்கும் படம் கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவிலேயே அச்சாகி, பல ஆண்டுகள் உடன்வரும். விமான நிலையங்களில் பலர் கையில் அது விரியும். ஒவ்வொரு முறையும், தான் காட்ட விரும்பாத ஒரு தோற்றத்தைத் தானே நீட்ட வேண்டிய நிலை அப்பெண்ணுக்கு வந்திருக்கும். முகவருக்கு அது ஒருநாள் வேலை. சுமப்பவருக்கு அப்படியன்று.

விரல் ரேகைக்கான நாள் பெரும்பாலும் நேர்காணலுக்கு முன்பாக, வேறொரு மையத்தில் அமைகிறது. அங்கும் படம் எடுப்பார்கள் என்பதால் இரண்டு நாளும் ஒரே தோற்றத்தில் செல்வது நல்லது. இங்கேதான் நம் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. பெருநாளுக்கும் நிக்காஹ்வுக்கும் விரல்நுனியில் மருதாணித் தொப்பி வைப்பது நமக்குப் பழக்கம். பிரித்தானிய விசாவுக்கும் நம் நாட்டுக் கடவுச்சீட்டுச் சேவை மையத்துக்கும் செல்பவர்கள் விரல்நுனியில் மருதாணி இல்லாமல் வரக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எந்த நாட்டு விசாவாயினும் இதைப் பின்பற்றுவதே பாதுகாப்பு. நிக்காஹ் முடிந்த கையோடு கணவரிடம் செல்ல விண்ணப்பிக்கும் மணமகள், உள்ளங்கையிலும் புறங்கையிலும் வேண்டிய அளவு இட்டுக்கொண்டு, ஒவ்வொரு விரலின் மேல்கணுவை மட்டும் விட்டுவிடலாம். வெட்டுக்காயம் இருந்தால் ஆறும்வரை நாளைத் தள்ளிவைப்பது மேல்.

நேர்காணல் நாளுக்கென நாம் சொன்னவை சிலவே. புத்தாடை வேண்டாம், ஓரிரு முறை அணிந்து, துவைத்து, இஸ்திரி போட்டது போதும். சென்னை வெயிலில் வரிசையில் நிற்க நேரும் என்பதால் வியர்வைக் கறை தெரியாத நிறத்தில் பருத்தி உடை. பாதுகாப்புச் சோதனை உண்டு. உலோக ஊசிகளைக் குறைத்து, முக்காடு நழுவாதிருக்க உள்தொப்பி அணியலாம். கைப்பேசியையும் பையையும் உள்ளே அனுமதிப்பதில்லை. அவை வீட்டிலோ உடன்வருபவரிடமோ இருக்கட்டும். ஆண்களுக்கு, கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் நிறைவு. அத்தரை ஒரு துளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிய கூடத்தில் அடுத்தவருக்கு அது தொல்லை.

நம் மார்க்க அறிஞர்கள் ‘லிபாஸுஷ் ஷுஹ்ரா’ என்று ஒன்றை எச்சரிப்பார்கள்: பிறர் கண்ணைத் தன்பக்கம் திருப்புவதற்காக உடுத்தும் உடை. ஆடம்பரம் மட்டும் அதில் அடங்குவதில்லை. எளிமையைக் காட்டிக்கொள்ள உடுத்தும் கந்தலும் அதில் சேரும் என்று அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். தூதரகச் சாளரத்துக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் நமக்குத் தெரியவில்லை. இல்லாத செல்வத்தைக் காட்டும் கோட்டும், இல்லாத பற்றைக் காட்டும் ஜிப்பாவும், இருக்கும் பற்றை மறைக்கும் வெறுந்தலையும் ஒரே தவற்றின் மூன்று வடிவங்கள். மூன்றும் சாளரத்தின் முன் வேறொருவரைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அந்த வேறொருவரோ கேள்விகளுக்கு நம் பிள்ளையின் விடைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு விசா கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். முக்காட்டால் கிடைத்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வாரத்தில், அதே போன்று எளிமையாகச் சென்ற மற்றொரு மாணவருக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவரிடம், உடையைப் பற்றி ஏதேனும் கேட்டார்களா என்று அத்தா ஆவலோடு வினவினார். “இல்லை. என் படிப்பைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள்” என்றார் மகள்.

பாண்டி பஜாரில் வாங்கிய கோட் இன்னும் அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்துக்கு ஆகும் என்று அதையும் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம்.