நடந்தது போதும், சித்தி

எங்கட ஊர்ப் பக்கம் நாற்பது வயசு தாண்டின ஒரு ஆளுக்கு உடம்பில எந்தக் குறை வந்தாலும் மருந்து ஒண்டுதான். "காலமையில கொஞ்சம் நடவுங்கோ." சீனி கொஞ்சம் கூடவோ, நடவுங்கோ. நாரி நோவோ, நடவுங்கோ. வயிறு வைக்குதோ, நடவுங்கோ. டொக்டர் சொல்லுறார், பக்கத்து வீட்டு அன்ரி சொல்லுறா, கலியாண வீட்டுப் பந்தியில முன்னுக்கு இருக்கிற ஓய்வுபெற்ற அதிபர் சொல்லுறார். நான் அதை எதிர்த்து எழுதப் போறன். நடக்கிறது கெட்டது எண்டு சொல்ல வரேல்ல. கந்தோர்க் கதிரையில நாள் முழுக்க இருக்கிற ஒரு நாற்பது வயசு உடம்புக்கு எது குறையுதோ, அதை நடை குடுக்காது. அது குடுக்கும் எண்டு நம்ப வைக்கிறதுதான் பிழை.

என்ர சித்திக்கு இப்ப நாற்பத்தொண்டு. ஒரு அரச கந்தோரின் கணக்குக் கிளையில வேலை. எட்டரைக்குக் கதிரையில இருந்தா நாலேகாலுக்குத்தான் எழும்புவா, இடையில ஒருக்கா சாப்பாட்டுக்கும் ரெண்டுதரம் தேத்தண்ணிக்கும் தவிர. சில வருசத்துக்கு முதல் செய்த இரத்தப் பரிசோதனையில வெறும் வயிற்றுச் சீனி 112. நீரிழிவு எண்டும் சொல்லேலாது, சரி எண்டும் சொல்லேலாது. அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை ஐந்தரைக்கு, இன்னொரு ரீச்சரோட சேர்ந்து, பண்ணைப் பக்கம் முக்கால் மணித்தியாலம் நடந்தா. மழை நாள் தவிர ஒரு நாளும் விடேல்ல. ஒழுக்கம் எண்டா அதுதான் ஒழுக்கம்.

போன வருசம் ஒரு அந்திரட்டி வீட்டில எல்லாரும் பாயில இருந்து சாப்பிட்டம். சாப்பிட்டு முடிய எல்லாரும் எழும்பிட்டினம். சித்தியால எழும்ப முடியேல்ல. ஒரு கையை நிலத்தில ஊன்றிப் பார்த்தா, முழங்காலில நிண்டு பார்த்தா, கடைசியில நானும் இன்னொருத்தியும் ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கினம். அவ சிரிச்சுச் சமாளிச்சா. வீட்டுக்கு வரேக்க ஓட்டோவில ஒரு வார்த்தை பேசேல்ல. ரெண்டு வருசம் ஒவ்வொரு நாளும் நடந்த ஒரு மனுசி, நாற்பது வயசில நிலத்தில இருந்து எழும்ப ஏலாமல் இருந்தா எண்டா, நாங்கள் சொன்ன மருந்தில என்னமோ பிழை இருக்கத்தானே வேணும்?

பிழை எங்க எண்டு விளங்க வேணும் எண்டா, தசை எப்பிடி வேலை செய்யுது எண்டு கொஞ்சம் பார்க்க வேணும். ஒரு தசைக்குள்ள எல்லா நாரும் ஒரே மாதிரி இல்லை. மெதுவாச் சுருங்கி, லேசில களைக்காத சின்ன நார்கள் ஒரு பக்கம். வேகமாச் சுருங்கி, பெரிய பலம் தந்து, கெதியாக் களைக்கிற பெரிய நார்கள் மற்றப் பக்கம். மூளை எப்பவும் சின்னதுகளைத்தான் முதலில கூப்பிடும். வேலை பாரமாகினா, அல்லது சின்னதுகள் களைச்சு விழுந்தா, அப்பதான் பெரியதுகளுக்கு அழைப்புப் போகும். எங்கட கந்தோருகள் மாதிரித்தான். ஒரு கோப்பை மேசைக்கு மேசை மாற்ற பணிப்பாளர் எழும்ப மாட்டார்.

நடை எண்டது கோப்பு மாற்றுற வேலை. நாளுக்கு ஐயாயிரம் அடி வைச்சாலும், ஒவ்வொரு அடியும் லேசான அடி. பெரிய நார்களுக்கு அழைப்பே போறதில்லை. வயசு போகப் போக முதலில சுருங்கிறதும் அந்தப் பெரிய நார்கள்தான். முப்பதுக்குப் பிறகு, ஒண்டும் செய்யாட்டி, பத்து வருசத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறையும் எண்டு சொல்லுவினம். பலம் அதைவிடக் கெதியாக் குறையும். நிலத்தில இருந்து எழும்பிறது, கால் இடறினா விழாமல் தாங்கிறது, அரிசி மூட்டையை வாசலில இருந்து குசினிக்குக் கொண்டுபோறது எல்லாம் அந்தப் பெரிய நார்களின்ர வேலை. சித்தி ரெண்டு வருசம் நடந்தது உண்மை. அந்த ரெண்டு வருசமும் அவவின்ர பெரிய நார்கள் லீவில இருந்ததும் உண்மை.

சீனிக் கதையும் இதோட ஒட்டினதுதான். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில ஏறுற சீனியில பெரும்பங்கை வாங்கி வைக்கிற களஞ்சியம் தசைதான். எங்கட தெற்காசிய உடம்புகளில, மெலிஞ்சு தெரியிற ஆக்களிலயும், தசை குறைவு, வயிற்றுக் கொழுப்புக் கூட. களஞ்சியம் சின்னன் எண்டா மூட்டையை எங்க இறக்கிறது? நடந்தா அண்டைய சீனி கொஞ்சம் இறங்கும், சாப்பிட்ட கையோட நடந்தா இன்னும் நல்லா இறங்கும், அதை நான் மறுக்கேல்ல. ஆனால் களஞ்சியம் பெருக்காது.

இது என்ர கண்டுபிடிப்பும் இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி எண்டு சொல்லுது. அதே வழிகாட்டலில, கிழமையில குறைஞ்சது ரெண்டு நாள் பெரிய தசைகள் எல்லாத்துக்கும் பலப் பயிற்சி எண்டும் இருக்கு. முதல் வரி எங்கட ஊருக்கு வந்து சேர்ந்திட்டுது. ரெண்டாவது வரி எங்கயோ வழியில விழுந்திட்டுது.

ஏன் விழுந்தது எண்டதுக்கு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. நடை யாருக்கும் இடைஞ்சல் இல்லாத பயிற்சி. குறிப்பாப் பெண்ணுக்கு. ஷோலைப் போர்த்துக்கொண்டு, இன்னொரு பெண்ணோட, வெளிச்சம் வர முதல் போய் வரலாம். பாரம் தூக்கிறது அப்பிடி இல்லை. சித்தி ஜிம்முக்குப் போகப் போறன் எண்டதும் வந்த கதைகளைக் கேளுங்கோ. "ஆம்பிளை மாதிரி உடம்பு வந்திடும்." வராது. அப்பிடி உடம்பு வர வைக்கிற ஹோர்மோன் பெண்ணில மிகக் கொஞ்சம். இருபது வயசுப் பொடியளே வருசக்கணக்கா முட்டையும் கோழியும் திண்டு அதுக்குத்தானே அலையிறாங்கள். "மூட்டுத் தேஞ்சிடும்." முழங்காலைச் சுத்தியிருக்கிற தசை பலப்பட்டா மூட்டுக்குத்தான் ஆறுதல். "வீட்டு வேலையே எக்ஸசைஸ்தானே." இதுதான் எனக்கு ஆகக் கோபம் வரவைச்சது. பத்து வருசமா அதே பானை, அதே வாளி, அதே தேங்காய். உடம்பு அதுக்கு எப்பவோ பழகிட்டுது. பாரம் கூடக் கூடத்தான் தசை வளரும், வீட்டு வேலையில கூடுறது களைப்பு மட்டும்.

"வயசு போட்டுது" எண்டதுக்கு ஒரே ஒரு பதில். 1990இல, அமெரிக்காவில பொஸ்ரன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில, சராசரி தொண்ணூறு வயசு ஆக்களுக்கு எட்டுக் கிழமை பாரப் பயிற்சி குடுத்துப் பார்த்தினம். பயிற்சியை முடிச்ச ஒன்பது பேரின் கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடினது. தொண்ணூறு வயசு! எங்கட ஆக்கள் நாற்பதிலயே கணக்கை மூடுகினம்.

சரி, சித்தி என்ன செய்தா? முதல் நாள் ஒரு ஜிம்மில நடந்ததைச் சொல்லத்தான் வேணும். பயிற்றுநர் எண்டு நிண்ட தம்பி, அவவை ஒரு மெஷினில இருத்தி, கால் நடுங்கிற வரைக்கும் தள்ள வைச்சு, ஒவ்வொரு மெஷினா ஏழு மெஷின் சுத்திக் காட்டினார். மூண்டு நாள் படி இறங்க ஏலாமல் பக்கவாட்டில இறங்கினா. நாற்பது வயசு ஆக்கள் சிலர் ஜிம்மை விடுறது இப்பிடியான முதல் கிழமையிலதான். பிறகு பழி வயசில போகும்.

அதுக்குப் பிறகு வேற இடம் போய், ஆறுதலாத் தொடங்கினம். கிழமையில ரெண்டு நாள், ஒவ்வொரு நாளும் நாற்பது நிமிடம், ஐந்து அசைவு மட்டும். டம்பலை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு கதிரையில இருந்து எழும்பி இருக்கிறது. ரெண்டு கையிலயும் டம்பல், நாரியை வளைக்காமல் இடுப்பைப் பின்னால தள்ளிக் குனிஞ்சு நிமிர்றது. கேபிளை வயிற்றுப் பக்கம் இழுக்கிறது. வாங்கில படுத்து டம்பலை மேல தள்ளுறது. கடைசியா ரெண்டு கையிலயும் பாரத்தோட நடக்கிறது (நடை விருப்பமான ஆக்களுக்கு இது ஒரு சமாதானம்).

கணக்கு லேசு. கதிரை அசைவுக்கு 5 கிலோவில தொடங்கினா. எட்டுத் தரம் செய்து, ரெண்டு நிமிசம் இருந்து, திரும்ப எட்டு. அடுத்தடுத்த நாளில ஒன்பது, பத்து எண்டு கூட்டி, ரெண்டு முறையும் பன்னிரண்டு வந்தாப் பிறகு பாரத்தை ஒரு படி கூட்டித் திரும்ப எட்டுக்கு வாறது. ஒவ்வொரு முறையும் முடிக்கேக்க, இன்னும் ரெண்டு தரம் செய்யலாம், அதுக்கு மேல ஏலாது எண்டு இருக்க வேணும். இன்னும் பத்துச் செய்யலாம் எண்டா அது பாரமே இல்லை, திரும்பவும் கோப்பு மாற்றுற வேலைதான். எல்லாத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில எழுதினா, கணக்குக் கிளை ஆள்தானே. நாலு மாசத்தில அதே அசைவு 15 கிலோவுக்கு வந்தது.

என்ன பிழைச்சா கவனிக்க வேணும் எண்டும் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில எழுதி வைச்சம். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்க மந்தமா நோகிறது சாதாரணம், மூண்டு நாளில போயிடும். மூட்டுக்குள்ள ஒரு புள்ளியில குத்தினா, அல்லது நாரியில இருந்து காலுக்கு விறைப்பு இறங்கினா, அந்த அசைவை அண்டைக்கே நிப்பாட்ட வேணும். தூக்கேக்க மூச்சை அடக்கினா பிரஷர் சட்டெண்டு ஏறும், அதால தூக்கேக்க மூச்சை விட வேணும். பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில போனா, வீட்டில இருந்து யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். பிரஷர் கட்டுப்பாட்டில இல்லாத ஆக்கள், இருதய வருத்தம் உள்ள ஆக்கள், நீரிழிவால கண் பாதிச்ச ஆக்கள் டொக்டரிட்டக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சித்தியின்ர வெறும் வயிற்றுச் சீனி இப்ப 103. அதை முழுக்கப் பாரத்தின்ர கணக்கில எழுத மாட்டன், பின்னேர பிஸ்கட்டையும் அவ விட்டிட்டா. நிறுவை ஒரு கிலோகூடக் குறையேல்ல. அதைப் பார்த்து "நடந்திருந்தா மெலிஞ்சிருப்பாய்" எண்டு சொன்ன ஆக்களும் இருக்கினம். போன மாசம் இன்னொரு அந்திரட்டி. பாயில இருந்து, ஒரு கையில இலையைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையை ஊன்றாமல் எழும்பினா. ஒருத்தரும் கவனிக்கேல்ல. நான் கவனிச்சன், அவவும் நான் கவனிச்சதைக் கவனிச்சா.

நடையை அவ விடேல்ல, ஞாயிறும் வியாழனும் நடக்கிறா. ஆனால் கிழமைக்கு மூண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும் எண்டா, அதில முதல் ஒண்டரை மணித்தியாலம் பாரத்துக்கு, மிச்சம் நடைக்கு. என்ர வாதம் இவ்வளவுதான்.

இதில ஜிம் நடத்திற அண்ணாமாருக்கும் ஒரு கேள்வி இருக்கு. நாங்கள் போய்க் கேட்ட இடங்களில ஒண்டில, பெண்களுக்கான நேரம் காலை 10 மணியில இருந்து 12 மணி வரைக்கும் எண்டு வாசலில எழுதிப் போட்டிருந்தது. கந்தோருக்குப் போற பெண் ஒருத்தி அந்த நேரத்தில எங்க இருப்பா எண்டு நினைக்கிறீங்கள்? சித்தியும் கந்தோர்ப் பெண்கள் நாலு பேரும் சேர்ந்து, பின்னேரம் ஐந்து மணி வேணும் எண்டு ஒரு கடிதம் குடுத்திருக்கினம். பார்ப்பம் எண்டு சொல்லியிருக்கிறார். பலகை இன்னும் மாறேல்ல.