ஒரே ஒரு பங்கு, 11,000 கோடி ரூபாய் வரி: வோடஃபோன் செய்தது தவிர்ப்பா, ஏய்ப்பா?

அப்பா, அம்மா பெயரில் இருக்கும் வீட்டில் தங்கி, அவர்களுக்கு மாதாமாதம் வங்கி வழியாக வாடகை கொடுத்து, அதை எச்.ஆர்.ஏ.வில் காட்டுகிறீர்கள். அவர்களும் அதை வருமானமாகக் கணக்கில் சேர்க்கிறார்கள். இது சட்டப்படி சரி. பழைய வரி முறையில் இருப்பவர்கள் பலரும் செய்வதுதான். இதன் பெயர் வரி தவிர்ப்பு. வாடகையே கொடுக்காமல் ரசீதை மட்டும் தயார் செய்து கொடுத்தால்? அது வரி ஏய்ப்பு. இரண்டிலும் மிச்சமாகும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் முதலாமவர் எதையும் மறைக்கவில்லை, இரண்டாமவர் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கோட்டை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்பதற்கு இந்தியாவில் பெரிய உதாரணம் வோடஃபோன் வழக்கு.

என்ன நடந்தது?

2007-ல் இந்தியாவின் 'ஹட்ச்' செல்போன் சேவை வோடஃபோன் கைக்கு மாறியது. ஆனால் இந்திய நிறுவனத்தின் பங்கு எதுவும் நேரடியாக விற்கப்படவில்லை. கேமன் தீவுகளில் சி.ஜி.பி. என்றொரு நிறுவனம் இருந்தது. மொரீஷியஸ் நிறுவனங்கள் வழியாக, இந்தியத் தொழிலில் சுமார் 67 சதவீதம் அதன் பிடியில் இருந்தது. அந்த சி.ஜி.பி.யின் ஒரே ஒரு பங்கை ஹட்சிசன் குழுமம் விற்க, வோடஃபோனின் நெதர்லாந்து நிறுவனம் வாங்கியது. விலை சுமார் 1,100 கோடி டாலர்.

"கைமாறியது இந்தியச் சொத்துதானே? விற்றவருக்குப் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்திருக்க வேண்டும்" என்று வருமான வரித் துறை சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டது. யாரிடம்? லாபம் பார்த்த ஹட்சிசனிடம் அல்ல, வாங்கிய வோடஃபோனிடம். 2010-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் துறையின் பக்கமே நின்றது.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

2012 ஜனவரி 20 அன்று, தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா தலைமையிலான அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இரண்டு கேள்விகள் முக்கியமாக இருந்தன.

முதல் கேள்வி: இது போலி ஏற்பாடா? வரியைக் குறைக்க விற்பனைக்கு முதல் நாள் ஒரு காகித நிறுவனத்தை நுழைத்திருந்தால் கதையே வேறு. ஆனால் ஹட்சிசனின் இந்த அமைப்பு பல ஆண்டுகளாக இருந்தது. இந்தியாவில் தொழில் நடந்தது, வரியும் கட்டப்பட்டது. அதனால் போலி அல்ல என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

இரண்டாவது கேள்வி: சட்டத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறதா? 1961 வருமான வரிச் சட்டத்தின் 9-வது பிரிவு, 'இந்தியாவில் உள்ள மூலதனச் சொத்து' கைமாறினால் வரி என்றது. வெளிநாட்டுப் பங்கு விற்பனை மூலம் இந்தியச் சொத்து மறைமுகமாகக் கைமாறினால் என்ன என்று அது பேசவில்லை. பேசாத ஒன்றை நீதிபதிகள் சேர்த்துப் படிக்க முடியாது என்றது தீர்ப்பு. வரி என்பது குடிமகனிடம் கட்டாயமாக வாங்கும் பணம். அதை விதிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. சட்டத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பதும் நாடாளுமன்றத்தின் வேலைதான்.

அரசு சும்மா இருந்ததா?

இல்லை. அதே 2012-ல், மறைமுகக் கைமாற்றமும் 1962-லிருந்தே வரிக்கு உட்பட்டது என்று முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. வோடஃபோன் சர்வதேச நடுவர் மன்றம் போய் 2020-ல் வென்றது. 2021-ல் அந்த முன்தேதி வசூலை அரசே கைவிட்டது. ஆனால் மறைமுகக் கைமாற்றத்துக்கு வரி உண்டு என்ற விதி நீடிக்கிறது. இதுபோக, வரிப் பலனையே முக்கிய நோக்கமாகக் கொண்ட செயற்கை ஏற்பாடுகளை ஒதுக்கித் தள்ளும் 'கார்' விதிகள் 2017 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தன.

சந்தேகம் வந்தால் எப்போதும் நமக்குச் சாதகமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வரி விதிக்கும் பிரிவில் தெளிவில்லை என்றால் பலன் வரி செலுத்துபவருக்கு. வரி விலக்கு தரும் அறிவிப்பில் தெளிவில்லை என்றால் பலன் அரசுக்கு.

மும்பையின் திலீப் குமார் நிறுவன வழக்கு இதைத் தெளிவாக்கியது. இறால் தீவனத்துக்கு 30-க்குப் பதில் 5 சதவீதம்தான் சுங்க வரி என்று ஒரு சலுகை இருந்தது. இறக்குமதி செய்த வைட்டமின் ஈ பவுடருக்கு அந்தச் சலுகையை நிறுவனம் கேட்டது. "அது தீவனம் இல்லை, தீவனத்தில் சேர்க்கும் பொருள்" என்றது சுங்கத் துறை. வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை போனது. சலுகை கேட்பவர்தான் தனக்கு அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும் என 2018-ல் அந்த அமர்வு சொன்னது.

எச்.ஆர்.ஏ.வும் நாம் கேட்டு வாங்கும் சலுகைதான். அதனால் வாடகை கொடுத்ததற்கான வங்கிப் பதிவையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். பொய்யான தகவல் தந்து வருமானத்தைக் குறைத்துக் காட்டியது தெரியவந்தால், ஏய்த்த வரியோடு அதன் 200 சதவீதம் அபராதமாகவும் வரலாம்.