ஓய்வுக்காலப் பணமும் பங்குச் சந்தையும்: ஒரே தடவையா, தவணையா என்பதில் சங்கத்தின் நிலைப்பாடு

செயற்குழுவில் இந்த விஷயத்தில் நடந்த வாக்குவாதம் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரியும். அதை இங்கே மறுபடி விவரிக்கவில்லை. ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதித் தொகையில் பங்குச் சந்தைக்கென்று ஒதுக்கும் பகுதியை ஒரே தடவையில் போடச் சொல்வதா, மாதத் தவணையாகப் போடச் சொல்வதா என்று சங்கம் தெளிவாகச் சொல்ல வேண்டும் எனப் பலர் கேட்டார்கள். சந்தை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்த ஆண்டு ஓய்வுபெறுகிறவர்களைக் காக்க வைக்க முடியாது. எனவே இந்த அறிக்கை.

எங்கள் நிலைப்பாடு இது. பதற்றம் இல்லாதவருக்கு ஒரே தடவையில் போடுவதே பொதுவாக மேல். பதற்றப்படுகிறவர் தவணையாகப் போடலாம். ஆனால் தொகை, தேதி, முடியும் மாதம் மூன்றையும் முதல் நாளே எழுதிவைத்து, இடையில் நிறுத்தாமல் முடிப்பவராக இருந்தால் மட்டுமே. அந்த உறுதி இல்லாதவர் தவணையை நீட்டக் கூடாது, சந்தைக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாக்கியத்தைச் சில உறுப்பினர்கள் ஏற்கவில்லை. கணக்கு அவர்கள் பக்கம் இல்லை. 2012இல் வான்கார்ட் நிறுவனம் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டுச் சந்தைகளின் பழைய தரவுகளை ஆராய்ந்தது. 12 மாதத் தவணையோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலகட்டங்களில் ஒரே தடவை முதலீடே முந்தியிருந்தது. சந்தை இறங்கும் ஆண்டுகளைவிட ஏறும் ஆண்டுகள் அதிகம். ஓரமாகக் காத்திருக்கும் பணம் அந்த ஏற்றத்தைத் தவறவிடுகிறது. நம் ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். 2021 ஜனவரி முதல் நாள் 12 லட்சத்தை நிஃப்டியில் முழுதாகப் போட்டிருந்தால் ஆண்டு முடிவில் சுமார் 14.85 லட்சம். மாதம் ஒரு லட்சமாகப் போட்டிருந்தால் சுமார் 13.3 லட்சம். லிக்விட் ஃபண்டில் காத்திருந்த பணத்துக்கு வரும் சிறு வட்டி இந்த இடைவெளியை நிரப்பாது.

ஆனால் மீதி மூன்றில் ஒரு பங்கு காலத்தில் மாட்டிக்கொள்கிறவர் யார்? அறுபது வயதில், இனிமேல் சம்பளம் வராத ஒருவர். பணம் போட்ட மூன்றாம் மாதம் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டால் அவருக்குத் தூக்கம் போகும். பயந்து விற்றுவிட்டால் போனது போனதுதான். அதனால்தான் தவணை முறையை நாங்கள் ஒதுக்கவில்லை. சராசரி லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிம்மதியை வாங்குவது தவறில்லை என்பதே பெரும்பான்மையோர் கருத்து.

உறுப்பினர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இனிமேல் வருவதுதான்.

2020ஐ எடுத்துக்கொள்வோம். ஜனவரி முதல் தேதி நிஃப்டி சுமார் 12,180. மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. ஆண்டுக் கடைசியில் 13,980. அதே 12 லட்சத்தை மூன்று பேர் மூன்று விதமாகப் போட்டதாக வைத்துக்கொண்டு, டிவிடெண்டையும் காத்திருந்த பணத்தின் வட்டியையும் சேர்க்காமல் கணக்குப் போட்டோம். முதலாமவர் ஜனவரி முதல் நாளே முழுவதையும் போட்டார். சரிவு முழுவதையும் தாங்கினார். டிசம்பர் இறுதியில் அவரிடம் சுமார் 13.75 லட்சம். இரண்டாமவர் ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் ஒரு லட்சம் போட்டார். ஏப்ரல் முதல் தேதி, ஊரடங்குக்கு நடுவே, நிஃப்டி 8,250 அளவில் நின்றபோதும் போட்டார். அவரிடம் சுமார் 15.5 லட்சம். மூன்றாமவரும் தவணைக்காரர்தான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று தவணை போட்டபின் பயந்து நிறுத்தினார். நவம்பரில் சந்தை பழைய உச்சத்தைத் தாண்டியதைப் பார்த்துத் தைரியம் வந்து, மீதி 9 லட்சத்தை டிசம்பர் முதல் தேதி 13,110இல் போட்டார். அவரிடம் சுமார் 13.2 லட்சம்.

அதாவது, சரிவுக்கு முன்னால் மொத்தத்தையும் போட்ட மனிதரைவிட, பாதியில் நிறுத்திய தவணைக்காரர் கீழே இருக்கிறார். தவணை முறையின் பலனில் பெரும்பகுதி ஏப்ரல், மே, ஜூன் தவணைகளில் இருந்தது. அந்தத் தவணைகளைத்தான் அவர் போடவில்லை.

இதில் அவரை மட்டும் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சரிவு நேரத்தில் நம் உறுப்பினர்கள் பலரைத் தொலைபேசியில் அழைத்து, "சார், இப்போதைக்கு நிறுத்திவையுங்கள், நிலைமை தெளிவாகட்டும்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். நிறுத்திய பணத்தைச் சேமிப்புக் கணக்கில் பார்த்ததும், அதே ஆட்கள் ஒற்றைப் பிரீமியம் யூலிப்பைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஐந்து ஆண்டுகள் எடுக்க முடியாத ஒன்றை, சந்தைக்குப் பயந்த ஒருவரிடம், சந்தையில்தான் போடப்படுகிறது என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்லாமல் விற்றார்கள். நிலைமை தெளிவாகும் நாளில் விலையும் ஏறியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? முப்பது ஆண்டு உழைத்த ஒருவரின் பயத்தைத் தங்கள் மாத இலக்காக மாற்றுவதை இந்தச் சங்கம் கடுமையாகக் கண்டிக்கிறது. ‘கண்டிக்கிறது’ என்பதற்குப் பதில் ‘வருந்துகிறது’ என்று எழுதலாம் என வந்த திருத்தம் நிராகரிக்கப்பட்டது.

ஆகவே, தவணையைத் தேர்ந்தெடுப்பவர் ஒவ்வொரு மாதமும் தானே முடிவெடுக்கும் நிலையில் இருக்கக் கூடாது. மொத்தத் தொகையை ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே ஃபண்ட் நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எஸ்டிபி எழுதிக்கொடுத்துவிட வேண்டும். குறித்த தேதியில் பணம் தானாக மாறும். காலம் ஆறு முதல் 12 மாதம். அதற்கு மேல் நீட்டுவது எங்கள் கருத்தில் காத்திருப்புக்கு வேறு பெயர். வரியைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டிலிருந்து விற்றதாகவே கணக்காகும், அந்தச் சிறு லாபம் உங்கள் வருமான வரம்பின்படி வரிக்கு வரும். இண்டெக்ஸ் ஃபண்டில் வெளியேறும் கட்டணம் இருந்தால், அதன் காலம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக ஓடும்.

தவணை முறை எதைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசித் தவணை போன மறுநாள், நீங்களும் முதல் நாளே போட்டவரும் ஒரே படகில்தான். 2008இல் நிஃப்டி ஜனவரி உச்சத்திலிருந்து அக்டோபருக்குள் ஏறக்குறைய 60 சதவீதம் விழுந்தது. 2007இல் நிதானமாக 12 தவணை போட்டு முடித்தவரின் பணமும் அந்தச் சரிவில் முழுதாகவே மாட்டிக்கொண்டது. தவணை காப்பது அந்த ஓர் ஆண்டை மட்டும். அதற்குப் பின்னான ஆண்டுகளைக் காப்பது, மொத்தத்தில் எவ்வளவு சந்தையில் இருக்கிறது என்ற விகிதம். 40 லட்சத்தில் 20 லட்சத்தைச் சந்தையில் போடப் பயமாக இருந்தால், அதை 36 தவணையாக்குவது தீர்வாகாது. 10 லட்சம் போடுங்கள். மீதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் வைப்புநிதியிலும் வையுங்கள். 10 லட்சம் பாதியானாலும் மொத்தத்தில் போவது எட்டில் ஒரு பங்கு. அதைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசியபின் தவணை பற்றி யோசிக்கலாம்.

ஏற்கெனவே எஸ்டிபி ஓடிக்கொண்டிருக்கும் உறுப்பினர்கள் சந்தை நிலவரத்தைக் காரணமாக வைத்து அதை ரத்து செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். மருத்துவச் செலவு போன்ற அவசரம் வேறு. ரத்து செய்யச் சொல்லி யாராவது அழைத்தால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தந்தால் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

தவணைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்ற மாற்றுக் கருத்து குழுவில் பதிவாகியுள்ளது. 12 மாதம் என்ற மேல்வரம்பு அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வரும்.