சோற்றைத் தள்ளினால் கால் பறக்குமா?

முட்டம் கலங்கரை விளக்கத்தின் பக்கம் சாயங்காலம் போனால், பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அப்படி ஆடி வளர்ந்த ஒரு பையன் என்னிடம் வந்த கதை இது. அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

வயது 17. மாவட்ட அணித் தேர்வுக்குத் தயாராகிறவன். அம்மாதான் அழைத்து வந்தார். "காலத்த ஒண்ணும் திங்க மாட்டேங்கான் வைத்தியரே. மீன் கொழம்பு வச்சா மோந்துகூடப் பாக்க மாட்டான்" என்று கண் கலங்கினார்.

பையன் சொன்ன குறை வேறு. "ரெண்டு மாசமா கால் கனக்குது டாக்டர். மூணாவது ரன்னுக்குத் திரும்பவே முடியல."

செல்போனில் எவரோ சொன்ன 16 மணி நேரப் பட்டினியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டால் அடுத்தது மறுநாள் பகல் 12 மணிக்குத்தான். இடையில் காலை 6 முதல் 8 வரை பயிற்சி. எடை 61 கிலோவிலிருந்து 56 ஆகிவிட்டது. "மூட்டை கொறஞ்சா வண்டி வேகமாத்தானே ஓடும்?" என்று என்னையே கேட்டான்.

"மூட்டையைக் குறைக்கலாம் தம்பி. நீ மாட்டுக்குத் தீவனத்தையல்லவா குறைச்சிருக்கே!" என்றேன்.

அவன் சொல்லி நான் நம்ப வேண்டியதில்லை. பயிற்சியாளரின் நோட்டே சாட்சி. ஒரு ரன் என்றால் கோட்டுக்குக் கோடு 17.68 மீட்டர். மட்டையோடு மூன்று ரன் ஓட முன்பு 10.4 விநாடி எடுத்தவன், 5 கிலோ இளைத்தபின் 11.1 விநாடி எடுத்தான்.

குறைந்த அந்த 5 கிலோ என்ன என்று பார்க்க வேண்டும். நாம் சாப்பிடும் சோறும் கிழங்கும் சர்க்கரையாகித் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகின்றன. அதோடு ஏறக்குறைய மூன்று பங்கு தண்ணீரும் தங்குகிறது. பட்டினியில் முதலில் காலியாவது இந்தச் சேமிப்பும் தண்ணீரும்தான். தராசு முள் இறங்கும். கொழுப்பு போய்விட்டது என்று மகிழ்வோம். ஆனால் சட்டென்று பாய்ந்து ஓடும் ஓட்டத்துக்கு எரிபொருளே அந்தச் சேமிப்புதான். பட்டினி நீண்டால் தசையும் கரையத் தொடங்கும்.

எங்கள் சித்த மருத்துவத்தில் இதற்கு எளிய கணக்கு உண்டு. உணவு முதலில் சாரமாகி, பின் செந்நீராகி, அதன்பிறகே ஊனாகிறது. முதல் படியிலேயே வரவு இல்லையென்றால் ஊனுக்கு எங்கிருந்து வரும்? "பட்டினியே மருந்து என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று சிலர் மடக்குவார்கள். அது காய்ச்சலுக்கும் அஜீரணத்துக்கும் சொன்னது. வளர்கிற வயதில், காலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிறவனுக்கு அல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பட்டினியைப் பரப்புகிறவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

இது பெண் பிள்ளைகளின் பிரச்னை என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். செலவுக்கு ஈடாக உணவு போகாவிட்டால் ஆண் வீரர்களும் பாதிக்கப்படுவார்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் தெளிவாகச் சொன்னது. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்! உடம்பு பருமன் என்று கேலி செய்யப்பட்டதால், சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் நோய்க்கு ஆளானதை 2020-ல் பி.பி.சி. ஆவணப்படத்தில் மனம் திறந்து சொன்னார். அதனால் இந்தப் பையனிடமும் தனியாக அதைக் கேட்டேன். நல்லவேளை, அந்தப் பழக்கம் இல்லை. இருந்திருந்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

கால் கனத்தால் சோகையாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தோம். ரத்த அளவு சரியாகவே இருந்தது. ஆனால் பிற அடையாளங்கள் இருந்தன: அடிக்கடி ஜலதோஷம், ஆறாத சிராய்ப்பு, தூக்கக் குறைவு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். முதல் அரை மணி நன்றாக ஆடிவிட்டு அப்புறம் சோர்வது இன்னொன்று.

மருந்து எதுவும் தரவில்லை. பயிற்சிக்குப் போகும் முன் ஒரு ஏத்தன் பழம். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பழங்கஞ்சி, தயிர், சின்ன வெங்காயம், கூடவே இரண்டு முட்டை அல்லது வேகவைத்த பயறு. மத்தியானம் சோறும் மீனும்; சாளையோ நெத்திலியோ போதும், விலை மீன் வேண்டாம். சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு. இரவு வழக்கமான சாப்பாடு. மேட்ச் நாளில் வயிறு நிறையச் சாப்பிடுவது ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் தின்றால் வயிறுதான் ஓடும்!

நிஜமாகவே கொழுப்பு கூடிய பிள்ளைகள் உண்டு. அவர்கள் எண்ணெய்ப் பலகாரத்தையும் கலர் பானங்களையும் நிறுத்தி, போட்டி இல்லாத மாதங்களில், வாரத்துக்கு அரை கிலோவுக்கு மிகாமல் மெதுவாகக் குறைக்கலாம். வேளைச் சாப்பாட்டைத் தள்ளக் கூடாது. பயிற்சியில் மயக்கம் வந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ, உணவை மாற்றிப் பார்க்கலாமென்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பத்து நாளில் பையன் பதறிக்கொண்டு வந்தான். "ரெண்டு கிலோ ஏறிட்டு டாக்டர்!" தராசை அம்மாவிடம் கொடுத்துப் பரணில் போடச் சொன்னேன். இனி பார்க்க வேண்டியது பயிற்சியாளரின் நோட்டை மட்டும்தான் என்றேன். ஆறாவது வாரம் அந்த நோட்டையே கொண்டுவந்து காட்டினான். எடை 60, மூன்று ரன், 10.2 விநாடி.

அம்மா வாசலில் நின்று, "இப்போ மீன் கொழம்பு சட்டியையே வழிச்சு நக்குகான்" என்று சிரித்தார்.