கறுப்பு மலமும் முதல் நாள் ஹீமோகுளோபினும்

மலம் கறுப்பாகப் போவதாகச் சொல்பவரிடம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எல்லோரும் கேட்கிறோம். 'ஆமாம்' என்று பதில் வந்ததும் விசாரணையை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. இரும்பு மாத்திரையால் வரும் கறுப்பில் பச்சைச் சாயல் இருக்கும். மலம் உருவம் கெடாமல் போகும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் செரித்து வரும்போது மலம் தார் போலப் பளபளக்கும். பீங்கானில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அதன் நாற்றமே தனி. சந்தேகம் இருந்தால் கையுறை அணிந்து ஆசனவாய்ப் பரிசோதனை செய்துவிடுவதே நல்லது. நேரமில்லை என்று நாம் அதிகம் தவிர்ப்பதும் இதைத்தான்.

அடுத்த தவறு ரத்தப் பரிசோதனைத் தாளில் நடக்கிறது. ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 62. இதயத்துக்காக ஆஸ்பிரினும் மெட்டோபுரலாலும் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானே டைக்ளோஃபெனாக் வாங்கி இரண்டு வாரமாகப் போடுகிறார். வயிற்றுவலி இல்லை. நேற்றிரவு முதல் கறுப்பு மலம். நாடித்துடிப்பு 88, ரத்த அழுத்தம் 118/76, ஹீமோகுளோபின் 13.2. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பான்டோபிரசோல் எழுதி வீட்டுக்கு அனுப்பத் தோன்றும்.

ஆனால் ரத்தம் போகும்போது செல்களும் பிளாஸ்மாவும் சேர்ந்தே போகின்றன. திசுக்களிலிருந்து நீர் உள்ளே வந்து ரத்தம் நீர்த்த பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். அதற்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். நாடியையும் நம்ப முடியாது, மெட்டோபுரலால் அதை அடக்கி வைத்திருக்கிறது. இவரிடம் உண்மையைச் சொல்வது யூரியா: 64 மி.கி. கிரியேட்டினின் 0.9 தான். குடலில் செரித்த ரத்தப் புரதமும் குறைந்த ரத்த ஓட்டமும் சேர்ந்து யூரியாவை மட்டும் ஏற்றியிருக்கின்றன.

கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்ட் மதிப்பெண் போடுங்கள். நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் தருவது ரத்த யூரியா. அட்டவணை கேட்பது யூரியா நைட்ரஜன் என்றால் 2.14ஆல் வகுக்க வேண்டும். 64ஐ வகுத்தால் 30, அதற்கு 4. கறுப்பு மலத்துக்கு 1. மொத்தம் 5. வெளிநோயாளியாக வைத்துப் பார்க்கத் தகுந்தது 0 அல்லது 1 மட்டுமே. இவரை நரம்புவழி ஊசி பொருத்தி, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே அனுப்ப வேண்டும். நிலைப்படுத்திய பின் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி நடக்க வேண்டும். கல்லீரல் சுருக்க நோய் இருந்து, உணவுக்குழாயின் வீங்கிய சிரைகளில் கசிவு என்று தோன்றினால் 12 மணி நேரம்தான் கெடு.

அனுப்பும் கடிதத்தில் ஆஸ்பிரின் எதற்காக, எவ்வளவு என்று எழுதுங்கள். டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியே ஆக வேண்டும். மாரடைப்போ ஸ்டென்ட்டோ உள்ளவருக்கு ஆஸ்பிரினை நாமாகக் காலவரையின்றி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கசிவு நின்றதும் சில நாட்களுக்குள் மீண்டும் தொடங்க வேண்டியது அது. சிகிச்சை முடிந்து திரும்பியவருக்கு இன்னும் சில நாட்கள் கறுப்பாகப் போகலாம். தலைசுற்றல், ஏறும் நாடி, மறுபடி இறங்கும் ஹீமோகுளோபின் ஆகியவை இல்லாவிட்டால் அது குடலில் தங்கிய பழைய ரத்தம்தான்.