அட்டையில் எழுதாத 1,500 ரூபாய்

மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் உயர் அலுவலர் அவர்களுக்கு,

தினத்தண்டல் பற்றிப் பல்லடத்திலிருந்து மனு எழுதுவது புதிதல்ல. எழுதிய மனுக்களுக்குத் திரும்பிவரும் பதிலும் புதிதல்ல: கடன் வாங்கியவர் தம் பெயரைச் சொல்லிப் புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கப்படும். அந்த ஒரு வரிக்காகவே இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியிருக்கிறது. சட்டம் தங்களுக்குத் தெரியும். 2003-ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் தண்டல் என்ற சொல்லே இடம்பெற்றிருப்பதும் தெரியும். அதனால் பிரிவுகளை இங்கே அடுக்கவில்லை. ஒரே ஒரு கடனை எடுத்து, முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பொறுமையாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை ஒரு சிறுகதையாகவே எடுத்துக்கொள்ளலாம். கதையில் வரும் பூக்காரம்மாவுக்குப் பெயர் இல்லை. கடனின் வரையறைகள் மட்டும் ஊர் ஊராகத் தண்டலில் வழங்குபவை. பேருந்து நிலையத்துக்கு வெளியே கூடை வைத்து மல்லியும் முல்லையும் முழம் போட்டு விற்கிறார். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து மல்லி விலை ஏறும்போது, அதே எடைப் பூவுக்கு நாலைந்து மடங்கு முதல் வேண்டும். கையில் அவ்வளவு இல்லை. வண்டியில் வரும் தண்டல்காரரிடம் 10,000 ரூபாய் கேட்கிறார். தண்டல்காரர் 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயை எண்ணித் தருகிறார். கூடவே ஒரு அட்டை. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கட்டக் கட்ட அட்டையில் குறித்துக் கொடுப்பார். ஆயிரத்துக்கு நூற்றைம்பது பிடித்தம் என்பது பூக்காரம்மாவின் கணக்கு. நூற்றுக்குப் பதினைந்து வட்டி என்பது தண்டல்காரரின் கணக்கு. இருவர் சொல்வதும் ஒன்றுதான், இரண்டுமே உண்மையைச் சொல்லவில்லை.

முதலில், வட்டி பத்தாயிரத்துக்கு அல்ல. அவர் கண்ணால் கண்டது 8,500 ரூபாய்தான். 1,500 ரூபாய் வட்டி அந்தத் தொகைக்கு. அப்படிப் பார்த்தால் பதினைந்து, பதினேழரையைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவதாக, இது ஓராண்டுக் கடன் அல்ல, 100 நாள் கடன். ஆண்டுக்கு நீட்டினால் 64 சதவீதம் ஆகிறது. பெரும்பாலோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் கணக்கின் கொடுமை இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. அந்த 8,500 ரூபாய் 100 நாளும் பூக்காரம்மாவிடம் இருப்பதில்லை. கடன் வாங்கிய மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போகத் தொடங்குகிறது. பாதி நாள் கழியும்போது அவர் உண்மையில் அனுபவிக்கும் கடன் ஏறத்தாழ 4,600 ரூபாய். கடைசி நாளில் வெறும் 100 ரூபாய். மொத்த நாட்களுக்கும் சராசரி எடுத்தால், அவரிடம் இருந்த கடன் 4,500 ரூபாயைச் சுற்றித்தான் நிற்கும். அந்த 4,500 ரூபாயை மூன்று மாதம் சொச்சம் வைத்திருக்க 1,500 ரூபாய் கொடுத்திருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 121 சதவீதம். வட்டிக்கு வட்டி சேர்த்துப் பார்க்கும் முறையில் அது 230-ஐத் தாண்டும். அதை விட்டுவிட்டு, குறைந்த கணக்கான 121-ஐ மட்டுமே நான் இங்கே வாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன்.

இதுவும் கடன் ஒழுங்காக முடிந்தால்தான். பெரும்பாலும் அது முடிவதில்லை. அறுபதாம் நாள் ஒரு மழை பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். கட்டிய பூ மாலைக்குள் விற்காவிட்டால் மறுநாள் குப்பை. முதல் அழிந்துபோகிறது. பாக்கி 4,000 ரூபாய் இருக்கும்போதே தண்டல்காரர் அட்டையைப் புதுப்பித்துத் தர முன்வருகிறார். புதிதாக 10,000 ரூபாய் கடன், அதில் பழைய பாக்கி 4,000 கழித்து, புது வட்டி 1,500 கழித்து, கையில் வருவது 4,500. நூறு நாளுக்கென்று முன்கூட்டியே பிடித்த பழைய வட்டியில், பயன்படுத்தாத நாற்பது நாளுக்கான பங்கு ஒரு ரூபாய்கூடத் திரும்புவதில்லை. அதைச் சேர்த்தால் ஆண்டு வட்டி 143 சதவீதத்துக்குப் போகிறது. இப்படி அறுபது நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போனால் ஆண்டில் ஆறு அட்டை, 9,000 ரூபாய் வட்டி. எந்த ஒரு நாளிலும் அவர் கையில் இருந்த கடன் 8,500 ரூபாயைத் தாண்டவே இல்லை. அதைவிட அதிகமாக வட்டி மட்டும் கட்டியிருக்கிறார், ஆண்டு முடிவில் கடனும் அப்படியே நிற்கிறது.

இனி அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடன் 10,000 என்று எழுதியிருக்கும். கட்டியது 10,000 என்று குறித்திருக்கும். வட்டி எங்கே? காகிதத்தின்படி வட்டியே இல்லாத கடன் அது! பிடித்துக்கொண்ட 1,500 ரூபாய்க்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. கறிக்கோழியின் பண்ணை விலை நாள்தோறும் நிர்ணயித்து அறிவிக்கப்படுகிற ஊர் பல்லடம். ஒரு கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதே ஊரின் தெருவோரத்தில் நாள்தோறும் கைமாறும் பணத்தின் விலை மட்டும் எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை.

தண்டல்காரர் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்படும்: ஈடு இல்லை, கையெழுத்து இல்லை, தேடிவந்து கொடுக்கிறார், ஓடிப்போனால் நட்டம் அவருக்கு. எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல, ஆகவே அதையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நூறு பேருக்குக் கடன் கொடுத்து வசூல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், நாளொன்றுக்கு 10,000 ரூபாய் திரும்பிவரும். அதில் 8,500 ரூபாயை அன்றே புதிதாக ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் 1,500 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 5,47,500 ரூபாய். இதற்கு அவர் முடக்கிய முதல் ஏறத்தாழ நாலரை இலட்சம். சரி, ஒரு நூறு நாள் சுற்றில் நூறு பேரில் ஐந்து பேர் ஒரு தவணைகூடக் கட்டாமல் மறைந்துவிட்டதாகவே வைப்போம். நட்டம் 42,500 ரூபாய். மற்ற 95 பேர் கட்டிய வட்டி 1,42,500 ரூபாய். பெட்ரோலும் வசூல் பையனின் கூலியும் போனாலும் மீதி நிற்கிறது. நாள் வசூலே ஆபத்தைக் குறைக்கும் ஏற்பாடுதான். குறைந்துபோன ஆபத்துக்கு முழு விலை வாங்குகிறார்கள் என்பதே என் வாதம்.

அடுத்த ஆட்சேபம் பூக்காரம்மாவைக் குறைசொல்வது. நாளுக்குக் கொஞ்சம் எடுத்துவைத்தால் கடனே வேண்டாமே என்பார்கள். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கோயம்பேட்டுச் சந்தையில் காலையில் ஆயிரம் ரூபாய் வாங்கி மாலையில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் சேர்த்துத் திருப்பும் சில்லறை வியாபாரிகளைப் பற்றி, தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் நடந்த ஆய்வுகளில் இத்தகைய வியாபாரிகளின் வட்டிக்கடனை மொத்தமாக அடைத்துக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குள் போய்விட்டார்கள். இதை அவர்களின் ஒழுக்கக் குறைவு என்று படிப்பவர்கள், ஒரு கெட்ட நாளைத் தாங்கும் அளவுக்கு அந்தக் கூடையில் எதுவுமே மிஞ்சுவதில்லை என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். நல்ல நாளில் 300 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் 100 ரூபாய் தண்டலுக்குப் போனால் எதை எடுத்துவைப்பது? ஒருமுறை கடன் மேளா நடத்திப் படம் எடுத்துக்கொண்டால் தீராது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமரின் ஸ்வநிதித் திட்டம் தெருவோர வியாபாரிகளுக்கென்றே வந்தது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்து 2025-ல் 15,000 ஆனது. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும், 10,000 ரூபாயை மாதத் தவணையில் அடைத்தால் ஓராண்டு வட்டி 660 ரூபாய்க்குச் சற்று மேல். அதிலும் ஏழு சதவீத வட்டிக்கு மானியம் உண்டு. ஒரு பக்கம் 660, இன்னொரு பக்கம் 9,000. ஆனாலும் தண்டல்காரர் வண்டி ஏன் ஓடுகிறது? வங்கி மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்கிறது. பூக்காரம்மாவிடம் மாதக் கடைசியில் மொத்தமாக எதுவும் இருப்பதில்லை. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் போடும் சனிக்கிழமை மாலை விற்பனை ஒன்று, செவ்வாய்க்கிழமை விற்பனை வேறு. அவருக்கு வேண்டியது நாள் வசூல்; அதில் தண்டல்காரர் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார். வங்கியால் முடியாத காரியமும் அல்ல. கடைக்குக் கடை ஆள் அனுப்பி நாள்தோறும் இரண்டணா வசூலிக்கும் பிக்மி சேமிப்பை உடுப்பியில் சிண்டிகேட் வங்கி தொடங்கியது 1928-ல். சேமிப்பை வாங்கத் தெருவுக்கு வர முடிந்த வங்கிக்கு, கடன் தவணையை வாங்க மட்டும் ஏன் தெரு தெரியாமல் போகிறது?

இப்போது அந்த ஒரு வரிப் பதிலுக்கு வருகிறேன். பெயர் சொல்லிப் புகார் கொடுங்கள் என்கிறீர்கள். நாளைக் காலைப் பூவுக்கு முதல் தரப்போகிறவர் மேல் எந்தப் பூக்காரம்மா புகார் கொடுப்பார்? கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதும் தமிழ்நாட்டுக்குத் தெரியும். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி தம் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீயில் வெந்தார். நால்வரும் பிழைக்கவில்லை. அவர்கள் பெயர் சொல்லாதவர்கள் அல்ல. கந்துவட்டிக்கு எதிராக மனுவுக்கு மேல் மனு கொடுத்தவர்கள். 2022-ல் காவல்துறை ஆபரேஷன் கந்துவட்டி என்று பெயர் வைத்து இறங்கியது. 2025-ல் இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. சட்டத்துக்கா பஞ்சம்?

நான் கேட்பது சோதனைப் படையை அல்ல. தெரு வியாபாரிக்கு அடையாள அட்டை கொடுக்கும்போது, பெயர் குறிக்காமல் ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்யுங்கள்: அட்டையில் எவ்வளவு, கையில் எவ்வளவு? நூறு பேரின் பதிலை வைத்து ஆண்டு வட்டியைக் கணக்கிட்டு, கோழி விலை போல ஊரறிய எழுதிவைக்கச் சொல்லுங்கள். கூட்டுறவு வங்கியிலிருந்து ஓர் ஆளை மாலையில் பேருந்து நிலையத்துக்கு அனுப்பி, 10,000 ரூபாய் ஸ்வநிதிக் கடனின் தவணையை நாளுக்கு முப்பது ரூபாயாக வாங்கச் சொல்லுங்கள். இதில் எதற்கும் ஒரு பூக்காரம்மாவின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. இன்று மாலையும் தண்டல்காரர் வருவார். அவருக்கு அரை மணி நேரம் முன்பாக உங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பி, அந்தக் கூடைக்குள் இருக்கும் அட்டையை வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பல்லடத்துக் குடிமகன் ஒருவன்