படத்தில் தெரியும் தடமும் தெரியாத கடியும்



சங்கத்தின் தொலைபேசிக்குச் சம்பளச் சீட்டுப் படங்களுக்கு அடுத்தபடியாக வருவது கடிபட்ட இடத்தின் படங்கள்தான். ஆரையம்பதிப் பக்கத்துத் தென்னந்தோட்டங்களிலிருந்தும் வருகின்றன, மலையகத்துத் தேயிலை மலைகளிலிருந்தும் வருகின்றன. கையில் ஒரு தடிப்பு, காலில் ஒரு சிவப்பு, கீழே ஒரே கேள்வி: "சேர், இது என்ன பூச்சி?" பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் படத்தைப் பார்த்து மட்டும் எவராலும் விடை சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறோம்.

நுளம்பு கடித்தாலும், மூட்டைப்பூச்சி கடித்தாலும், தெள்ளு கடித்தாலும் தோல் ஒரே மாதிரித்தான் தடிக்கிறது. அந்தத் தடிப்பு பூச்சி வைத்துவிட்டுப் போன அடையாளம் அல்ல, எமது உடம்பு கொடுக்கும் பதில். அதனால்தான் ஒரே பாயில் படுத்த இருவரை ஒரே மூட்டைப்பூச்சி கடித்திருந்தும் ஒருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, மற்றவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கும். இன்னொன்றும் உண்டு. புத்தகங்களில் உள்ள படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. எமது தோலில் அந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ, வெறும் கருமையாகவோதான் தெரியும். சூடும் வீக்கமும் கைக்குத் தெரியுமே தவிர படத்தில் தெரியாது.

ஆனாலும் சில இடங்களில் படம் உதவும். உடுப்பு மூடாத கழுத்திலும் கையிலும் மூன்று நான்கு தடிப்புகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியை நினைக்கலாம். கணுக்காலைச் சுற்றிக் கூட்டமாக இருந்தால் தெள்ளு. கோடு இழுத்தது போல் எரிந்து, மறுநாள் கொப்புளித்திருந்தால் அது கடியே அல்ல. எறும்பு போல் மெலிந்து, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் ஒரு சிறு வண்டு வயல் பக்கத்திலிருந்து இரவு வெளிச்சத்துக்கு வரும். அதைத் தோலில் வைத்து நசுக்கினால் அதன் சாறுதான் எரிக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், கண்ணில் பட்டால் மட்டும் வைத்தியரிடம் போக வேண்டும்.

படம் மிகவும் பயன்படும் இடம் வேறு. பற்றைக்காடு வெட்டுகிறவர்களுக்கும் விறகு பொறுக்கப் போகிறவர்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிக் குஞ்சு கடிக்கும். கடித்தது தெரியாது. பத்து நாள் அளவில் காய்ச்சல், கடும் தலையிடி, உடம்பு நோவு. அப்போது உடம்பைத் தேடிப் பார்த்தால், அக்குள், இடுப்புப் பட்டி, தொடை இடுக்கு, மார்பின் கீழ் போன்ற மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். அது நோகாது, சொறியாது. அதனால்தான் எவரும் அதைப் பற்றி வைத்தியரிடம் சொல்வதில்லை. இது உண்ணிக் காய்ச்சல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கையில் இருந்த படையினரிடமே காணப்பட்ட பழைய நோய், இன்றும் இருக்கிறது. டொக்ஸிசைக்கிளின் என்ற மலிவான மருந்துக்கு விரைவில் அடங்கும், வழக்கமாகத் தரும் அமொக்ஸிசிலினுக்கு அடங்காது. வெட்கப்பட்டு மறைக்கும் இடமென்றால் அந்தப் பொருக்கைப் படமெடுத்துத் தாதியிடம் காட்டினாலும் போதும். பொருக்கு இல்லாமலும் இந்நோய் வரும் என்பதால், காட்டு வேலை செய்ததையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி, படம் ஏமாற்றும் இடம். ஒரு விடியற்காலை இப்படி ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முழங்கையில் கடுகளவு ஒரு புள்ளி, வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. "இரவு ஏதோ கடித்தது, எறும்பாக இருக்கும்." படத்தை மட்டும் பார்த்தால் எவரும் எறும்பென்றே சொல்வார்கள். நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை படத்தில் இல்லாதவை. எங்கே படுத்தீர்கள்? வெக்கைக்குத் தரையில் பாய் விரித்து. எப்போது கடித்தது? இரண்டு மணி இருக்கும். இப்போது என்ன செய்கிறது? வயிறு பிடித்து வலிக்கிறது, ஓங்காளிக்கிறது. கண்? இமை கனக்கிறது, நித்திரைக் கலக்கமாக இருக்கும். இந்த நான்கு பதிலும் சேர்ந்தால் அது எறும்பு அல்ல. கரிய மேனியில் மெல்லிய வெள்ளை வரிகள் கொண்ட கட்டுவிரியன், சிலர் எண்ணெய் விரியன் என்பார்கள். அதன் பல் சிறியது, கடி நோகாது, தடம் சில வேளை கண்ணுக்கே தெரியாது. அதன் நஞ்சு நரம்பைப் பிடித்து, முதலில் இமையையும் பின்பு விழுங்குவதையும் கடைசியில் மூச்சையும் நிறுத்தும். வைத்தியர் குலரத்ன 1996 முதல் 1998 வரை அனுராதபுரம் வைத்தியசாலையில் கட்டுவிரியன் கடித்த 210 பேரை ஆராய்ந்து எழுதினார். மிகப் பெரும்பாலானோர் இரவில் தரையில் உறங்கும்போது கடிபட்டவர்கள். இப்படிப்பட்டவரை வைத்தியசாலைக்கு ஏற்றிவிட்டுத்தான் வேறு பேச்சு. கயிறு கட்டுவதோ கீறி உறிஞ்சுவதோ வேண்டாம். இமை கனக்கவில்லை என்றாலும், தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாமல் விடியற்காலையில் வயிறு வலித்தால் கடித் தடம் தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

குளவி விடயத்தில் படமே தேவையில்லை, எது கொட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது எப்போது பயப்பட வேண்டும் என்பது. கொட்டிய கை மறுநாள் முழங்கை வரை வீங்கினால் பெரும்பாலும் அது உடம்பின் ஒவ்வாமைதான், சீழ் அல்ல. ஓரிரு நாளில் வற்றத் தொடங்கும். மூன்றாம் நாள் நோவு கூடி, சூடு பரவி, காய்ச்சலும் வந்தால்தான் கிருமி. ஆனால் கொட்டிய இடத்துக்கு அப்பால் உடம்பெங்கும் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் சில நிமிடங்களே உள்ளன. உடனே 1990க்கு அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ். வரும்வரை அவரைக் காலை உயர்த்திப் படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்திருக்க விடுங்கள். எழுப்பி நடக்க வைக்க வேண்டாம். தேனீயின் கொடுக்கு தோலில் நின்றால் நகத்தாலோ எதாலோ உடனே எடுத்துவிடுங்கள், எப்படி எடுப்பது என்று யோசிக்கும் நேரத்தில்தான் நஞ்சு ஏறுகிறது. பல கொட்டுகள் வாங்கியவர் நன்றாகவே இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறுநீரகம் பிறகுதான் பாதிக்கும், சிறுநீர் தேயிலைச் சாயம் போல் போவது அதன் அடையாளம்.

படம் எடுப்பதானால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து, கிட்ட ஒன்றும் எட்ட ஒன்றும் எடுங்கள். வீக்கத்தின் ஓரத்தைப் பேனையால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் பரவுகிறது என்று வைத்தியருக்குக் கண்ணாலேயே தெரியும். வேலை நேரத்தில் பட்ட கொட்டாக இருந்தால் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். அன்றே கங்காணியிடம் சொல்லித் தோட்டப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்கப் போகும்போது திகதியும் நேரமும் உள்ள அந்தப் படமும் வைத்தியசாலைத் துண்டும்தான் முதலில் கேட்கப்படும்.